பாக்கெட்டின் மேல் ஒரு வரி

2014 மார்ச் மாதம், உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் ஒரு கடைக்குப் போன உணவுப் பாதுகாப்பு அதிகாரி, சில மேகி நூடுல்ஸ் பாக்கெட்டுகளைப் பரிசோதனைக்காக எடுத்துச் சென்றார். அப்படி மாதிரி எடுப்பது அந்த வேலையில் இருப்பவர்களின் அன்றாடம். பாக்கெட்டின் மேல், எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. கோரக்பூர் ஆய்வகத்தில் சோதித்தபோது உள்ளே எம்எஸ்ஜி இருந்தது. பதினைந்து மாதம் கழித்து, 2015 ஜூன் 5 அன்று, இந்தியா முழுவதும் கடைகளில் இருந்த மேகி பாக்கெட்டுகள் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை நெஸ்லே நிறுவனத்துக்கு வந்தது.

இந்தக் கதையை உணவுப் பாதுகாப்புக் கதையாகத்தான் பலரும் சொல்வார்கள். மார்க்கெட்டிங் திட்டத்தில் ஆட்களைத் தவறாக வரிசைப்படுத்தியதன் கதையாகவும் இதைப் படிக்கலாம். எனக்கு அந்த வாசிப்புதான் முக்கியமாகப் படுகிறது.

மார்க்கெட்டிங் படிப்பில் 'ஸ்டேக்ஹோல்டர் அனாலிசிஸ்' என்று ஒரு பாடம் உண்டு. தமிழில் சிலர் இதைப் 'பங்குதாரர் பகுப்பாய்வு' என்கிறார்கள். அது குழப்பத்தில்தான் கொண்டுவிடும். பங்குதாரர் என்றால் நமக்குப் பணம் போட்டவர். இங்கே பேசப்படுபவர்களோ ஒரு பைசாகூடப் போடாதவர்கள். வாங்குகிறவர், வேலை பார்ப்பவர், சரக்கு தருபவர், அனுமதி தருபவர், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் என்று நம் காரியத்தால் நன்மையோ தீமையோ அடையக்கூடியவர்கள், நம் காரியத்தை நடத்தவோ நிறுத்தவோ கூடியவர்கள். 'சம்பந்தப்பட்டவர்கள்' என்று சொன்னால் போதும். எட்வர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984-இல் எழுதிய நூலுக்குப் பிறகுதான் இந்தச் சிந்தனை நிர்வாகப் படிப்பில் நிலைத்தது.

வகுப்பில் இதற்கு ஒரு கட்டம் போடச் சொல்வார்கள். மெண்டலோ என்பவர் பெயரில் வழங்கும் கட்டம் அது. ஒரு பக்கம் அதிகாரம், இன்னொரு பக்கம் அக்கறை. இரண்டும் அதிகமாக உள்ளவரைக் கூடவே வைத்துக்கொள். அதிகாரம் இருந்து அக்கறை இல்லாதவரைத் திருப்தியாக வைத்திரு. அக்கறை இருந்து அதிகாரம் இல்லாதவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிரு. இரண்டும் இல்லாதவர் மேல் ஒரு கண் இருந்தால் போதும். நாலு பெட்டியில் ஊரையே அடக்கிவிடலாம். மீட்டிங்கில் திரையில் போட்டுக் காட்ட மிக வசதி.

2015 தொடக்கத்தில் மேகிக்காக இப்படி ஒரு கட்டம் போட்டால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கலாம். (நெஸ்லே உள்ளே எதை வரைந்தார்கள் என்ற பேச்சு இல்லை இது. வெளியிலிருந்து நான் போட்டுப் பார்க்கும் கட்டம்.) முதல் பெட்டியில் அம்மாக்கள். 1983-இல் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து, பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு இரண்டே நிமிடத்தில் ஏதாவது செய்து தர வேண்டிய தாய்க்குத்தான் மேகி விற்கப்பட்டது. தின்பது பிள்ளை, வாங்குவது தாய், எடுத்துக் கொடுப்பது மளிகைக் கடைக்காரர். இந்த மூவரையும் அந்த நிறுவனம் நன்றாகவே அறிந்திருந்தது. பாக்கெட் நூடுல்ஸ் சந்தையில் முக்கால் பங்கு அதன் கையில் இருந்ததே அதற்குச் சாட்சி. ஊழியரும் சப்ளையரும் அடுத்தடுத்த பெட்டிகளில். பஞ்சாபின் மோகாவில் 1961-லிருந்து ஆலை நடத்தி, சுற்றியுள்ள விவசாயிகளிடம் பால் வாங்கி வந்த நிறுவனம் என்பதால் உள்ளூர் மக்களிடமும் நல்ல பெயர்தான். கடைசியாக அரசு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அன்றாடம் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்காது என்று 'திருப்தியாக வைத்திரு' பெட்டியில் போட்டு, சட்டத் துறையிடம் விட்டிருப்போம்.

தப்பு எங்கே என்று பார்த்தால், அந்தப் பாக்கெட்டின் வரிக்கே திரும்ப வேண்டும்.

எம்எஸ்ஜி என்பது மோனோசோடியம் குளூட்டமேட். நம் ஊரில் அஜினோமோட்டோ என்ற பிராண்ட் பெயரால்தான் அதைத் தெரியும். அந்த உப்பின் சாரமான குளூட்டமேட் தக்காளியிலும் வெங்காயத்திலும் நிலக்கடலையிலும் இயற்கையாகவே இருக்கிறது. மேகி மசாலாவில் வெங்காயப் பொடியும், நீராற்பகுத்த கடலைப் புரதமும் சேர்கின்றன. தனியாக எம்எஸ்ஜியைக் கொட்டாவிட்டாலும், சோதனையில் குளூட்டமேட் தெரியத்தான் செய்யும். இது வெங்காயத்திலிருந்து வந்ததா, டப்பாவிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லும் முறை ஆய்வகத்தில் இல்லை. ஆக, நாங்கள் சேர்க்கவில்லை என்ற நிறுவனத்தின் வாதமும், உள்ளே இருக்கிறது என்ற ஆய்வகத்தின் முடிவும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இடமுண்டு.

அந்த வரியை எழுதியவர் ஒரு தாயை மனதில் வைத்து எழுதினார். அவளுக்கு அது ஆறுதல். விற்பனைப் பிரதிநிதிக்கு அது கடைக்காரரிடம் சொல்ல ஒரு பாயிண்ட். வெங்காயப் பொடி தரும் சப்ளையரிடம் காட்டியிருந்தால் அவர் தலையைச் சொறிந்திருப்பார், தன் சரக்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கோ அது சோதித்துப் பார்க்கத் தக்க ஒரு வாக்குமூலம். ஒரே வரியை நாலு பேர் நாலு விதமாக வாசிக்கிறார்கள். மார்க்கெட்டிங் திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் இப்படிச் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவர் கண்ணாலும் ஒருமுறை படித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நிஜமான வேலை. பெட்டியில் பெயர் எழுதுவது அதற்குப் பிறகு வருவது.

அடுத்து, 'அரசு' என்று ஒரே பெட்டி போட்டது. இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் நிறைவேறி 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி டெல்லியில் ஒரு ஆணையம் உண்டு. ஆனால் கடைக்குள் வந்து பாக்கெட்டை எடுப்பவர் மாநில அரசின் ஆள். நம் ஊரில் அவரை உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்கிறோம். அவருக்கு மேலே மாவட்ட நியமன அலுவலர், அவருக்கு மேலே மாநில ஆணையர். எடுத்த மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும், ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகும், அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கையை ஏற்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், அப்போது இன்னொரு பாகம் மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பொதுமக்கள் உடல்நலத்துக்காக ஒரு உணவுப் பொருளை ஓராண்டு வரை தன் மாநிலத்தில் தடை செய்ய மாநில ஆணையருக்கே அதிகாரம் இருக்கிறது. டெல்லியில் இருப்பவரை மட்டும் 'திருப்தியாக' வைத்திருந்து பயனில்லை.

மேகி விஷயத்தில் நடந்ததும் அந்த வழியில்தான். கோரக்பூர் முடிவை நிறுவனம் ஏற்கவில்லை. மாதிரி கொல்கத்தாவில் உள்ள மத்திய உணவு ஆய்வகத்துக்குப் போனது. மாதங்கள் கடந்து 2015 ஏப்ரலில் அறிக்கை வந்தபோது யாரும் எதிர்பாராத ஒன்று அதில் இருந்தது. எம்எஸ்ஜியோடு ஈயமும் இருக்கிறது, 17.2 பிபிஎம் அளவில். அதாவது ஒரு கிலோவுக்கு 17.2 மில்லிகிராம். அனுமதிக்கப்பட்ட அளவு 2.5. இந்த எண் சரியா என்பது பின்னால் நீதிமன்றம் வரை போய் அடிபட்டது. ஆனால் அன்றைக்கு அது ஓர் அரசு ஆய்வகத்தின் எண்.

குளூட்டமேட் பற்றிய வழக்கு, ஒரு தாய்க்குப் புரியாத வழக்கு. ஈயம் அப்படியல்ல. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நச்சு என்று செய்தித்தாளில் வந்தவுடன், மே மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களில் பெட்டிகள் எல்லாம் இடம் மாறின. தொலைக்காட்சிகள் இரவெல்லாம் பேசின. விளம்பரத்தில் நடித்த அமிதாப் பச்சன், மாதுரி தீட்சித், ப்ரீத்தி ஜிந்தா ஆகியோர் மேல் வழக்குப் பதியச் சொல்லி பீகாரின் முசாஃபர்பூர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 3 அன்று டெல்லி அரசு தடை போட்டது. மறுநாள் தமிழ்நாடு அரசு மேகியோடு இன்னும் மூன்று நூடுல்ஸ் பிராண்டுகளையும் சேர்த்து மூன்று மாதத்துக்குத் தடை செய்தது. ஒரு மாநிலம் தடை செய்தால், பக்கத்து மாநில ஆணையர் சும்மா இருக்க முடியுமா? தன் மாநிலத்துப் பெற்றோருக்கு அவர் பதில் சொல்ல வேண்டுமே.

இங்கேதான் அந்த நாலு பெட்டிக் கட்டம் கையை விரிக்கிறது. அது ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்திப் பார்க்கிறது. யார் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று அதில் இல்லை. தாய்க்கு ஆணையரைத் தெரியாது. ஆனால் தாயின் பயத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டு போகும், தொலைக்காட்சியை அமைச்சர் பார்ப்பார், அமைச்சர் ஆணையரைக் கூப்பிடுவார். அதிகாரம் இல்லாதவர் என்று நாம் ஒதுக்கியவர், நாலு கை தாண்டி அதிகாரத்தைத் தொட்டுவிடுகிறார். ஆகவே பெட்டிகளைவிடப் பெட்டிகளுக்கு இடையே அம்புக்குறி போடுவது முக்கியம். 1997-இல் மிட்செல், ஏகிள், வுட் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். அதிகாரம் மட்டும் போதாது, அவருடைய கோரிக்கை நியாயமானதா, அது அவசரமானதா என்றும் பாருங்கள் என்றார்கள். கோரிக்கை நியாயமானது, அவசரமானது, ஆனால் அதிகாரம் இல்லை என்று இருப்பவர் அதிகாரம் உள்ள ஒருவரைத் தேடிக்கொண்டுதான் போவார். அவரை 'சார்ந்து நிற்பவர்' என்று அவர்கள் வகைப்படுத்தினார்கள். அடுத்து அவர் எங்கே போய் நிற்பார் என்று கேட்பதுதான் திட்டமிடுகிறவரின் வேலை.

இதற்கு மேகியைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு பொள்ளாச்சிக்கு அப்பால், எல்லை தாண்டினால் வரும் பிளாச்சிமடை. 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. தண்ணீர் குறைகிறது, கிணற்று நீர் வாயில் வைக்க முடியவில்லை என்று ஆலையைச் சுற்றி இருந்த இரவாளர் முதலான பழங்குடி மக்கள் 2002 ஏப்ரலில் உட்கார்ந்து போராடத் தொடங்கினார்கள். மயிலம்மா என்ற பெண்மணி முன்னால் நின்றார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. எந்தக் கட்டத்தில் பார்த்தாலும் அந்தப் பெண்கள் 'தகவல் சொன்னால் போதும்' பெட்டிதான். ஆனால் ஆலைக்கு உரிமம் தந்தது பெருமாட்டி ஊராட்சி. அந்த ஊராட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள் இவர்கள். 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு ஓடவேயில்லை. உள்ளூர் சமூகமும் அனுமதி தரும் அமைப்பும் இரண்டு வரிசையில் எழுதப்பட்டிருந்தாலும், ஒரே தெருவில் குடியிருந்தார்கள்.

மேகிக்கு வருவோம். மே மாதம் முழுக்க நிறுவனத்தின் பேச்சு, எங்கள் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதாகவே இருந்தது. சமூக ஊடகத்தில் கேள்வி கேட்டவர்களுக்கு ஒரே அச்சில் வார்த்த பதில்கள் போயின. இந்தக் கேள்வியைக் கேட்பது யார்? ஒரு தாய். பதில் எழுதப்பட்டதோ ஆய்வக அதிகாரிக்குச் சொல்லும் மொழியில். தாய்க்கான வரியை அதிகாரி வாசித்ததில் தொடங்கிய தொல்லை, அதிகாரிக்கான பதிலைத் தாய் வாசித்ததில் முற்றியது. ஜூன் 5 அன்று நெஸ்லேயின் உலகத் தலைவர் பால் புல்க்கே டெல்லிக்கு வந்து, பொருள் பாதுகாப்பானதுதான், ஆனாலும் குழப்பம் இருப்பதால் திரும்பப் பெறுகிறோம் என்றார். அதே நாளில் மத்திய ஆணையமும் ஒன்பது வகை மேகியையும் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட்டது.

அடுத்த ஐந்து மாதத்தில், கட்டத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டாத பலர் வெளியே வந்தார்கள். திரும்பி வந்த முப்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட நூடுல்ஸை எரிக்க சிமெண்ட் ஆலைகளின் சூளைகள் தேவைப்பட்டன. எரிப்பதற்கும் ஊரும் அனுமதியும் வேண்டும். பந்த்நகர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். 'ஊழியர்' என்று ஒரே வரியில் எழுதும்போது நிரந்தர ஊழியரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒன்றாகிவிடுகிறார்கள், நெருக்கடி வந்தால் முதல் நாளே பிரிந்துவிடுகிறார்கள். இமயமலைச் சாலைகளில் 'மேகி பாயிண்ட்' என்று பலகை மாட்டி, ஒரு அடுப்பும் ஒரு சட்டியுமாகப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் நிறுவனத்திடம் சம்பளம் வாங்கவில்லை, ஏஜென்சி எடுக்கவில்லை. ஆனால் கடையின் பெயரே மேகி. அந்த ஜூன் காலாண்டில் நெஸ்லே இந்தியாவுக்கு ரூ.64 கோடி நஷ்டம் என்று கணக்கில் வந்தது. மலைக் கடைக்காரரின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

திரும்பி வந்த விதத்தில் பாடம் கற்றது தெரிந்தது என்பேன். ஆகஸ்ட் 1 அன்று, பிலிப்பைன்ஸில் இருந்த சுரேஷ் நாராயணனைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் தடை விதித்தது இயற்கை நீதிக்கு விரோதம், சோதித்த ஆய்வகங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை என்பவை அதன் காரணங்கள். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதித்து, ஈயம் வரம்புக்குள் இருந்தால் மட்டுமே விற்கலாம் என்றது. சோதனை முடிவுகள் சாதகமாக வந்தன. அந்த இடைவெளியில் நிறுவனம் விட்ட விளம்பரங்களில் ஆய்வக எண்கள் இல்லை. சமைக்கத் தெரியாத தனிக்கட்டைகள் மேகி எப்போது வரும் என்று ஏங்குவதைக் காட்டும் சின்னச் சின்னப் படங்கள் அவை. அதிகாரிக்கு நீதிமன்றத்தில் பதில், வாடிக்கையாளருக்கு அவர் வீட்டு மொழியில் பதில். 2015 நவம்பர் 9 அன்று, தீபாவளிக்கு முன்பு, மேகி கடைக்கு வந்தது.

சிறிய அளவில் மசாலாப் பொடியோ ஊறுகாயோ இட்லி மாவோ போட்டு விற்கிறவர் இதை எப்படிச் செய்வது? பெரிய கட்டம் எதுவும் வேண்டாம், ஒரு முழுத்தாள் போதும். நிறுவனத்தை வைத்துத் தொடங்காதீர்கள், திட்டத்தின் ஒரு வரியை வைத்துத் தொடங்குங்கள். 'ரசாயனம் இல்லாத மாவு' என்று லேபிளில் போடப் போகிறீர்கள் என்று வையுங்கள். கீழே ஒவ்வொருவராக எழுதுங்கள். இந்த வரியால் இவருக்கு என்ன எதிர்பார்ப்பு வருகிறது, இவர் எதை நிறுத்த முடியும், இவருக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் போவார், நம்மில் யாருக்கு இவரை நேரில் தெரியும். மூன்றாவது கேள்விக்கான பதில் அதே தாளில் இன்னொருவர் பெயராக இருந்தால் அங்கே ஒரு அம்புக்குறி. நாலைந்து அம்புகள் போய்க் குவியும் பெயர்தான் முதலில் பார்த்துப் பேச வேண்டிய ஆள். பெரும்பாலும் அவர் பெரிய பதவிக்காரராக இருக்க மாட்டார். வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலராகவோ, தெருமுனைக் கடைக்காரராகவோ, மாவு அரைக்கும் இடத்துக்குப் பின்வீட்டில், கழிவுநீர் வாய்க்கால் ஓரம் இருப்பவராகவோ இருப்பார். நாலாவது கேள்விக்கு ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை என்றால் அதுவே அபாயம். தெரிந்தவர் இல்லாத இடத்திலிருந்து வரும் முதல் செய்தி நோட்டீஸாகத்தான் இருக்கும்.

தாளின் மேல் தேதி போட மறக்க வேண்டாம். பாராபங்கி அறிக்கை வந்ததும் மேகியின் வரைபடம் பழசாகிவிட்டது, ஆனால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஓராண்டு பிடித்தது. வரைபடம் பழசாகிவிட்டதை இரண்டு மூன்று அறிகுறிகளால் கண்டுபிடிக்கலாம். கீழ்நிலை அலுவலகம் ஒன்றிலிருந்து, யார் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் மேசை மேசையாகச் சுற்றும் ஒரு கடிதம். இதுவரை விலையை மட்டும் கேட்ட விநியோகஸ்தர் ஒரு நாள், சரக்கில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்பது. வாடிக்கையாளர் புகாருக்கு எழுதும் பதில்கள் ஒன்றுபோல இருக்கத் தொடங்குவது.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. மாதிரி ஈயத்தில் போய் முடியும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்க முடியாது. எம்எஸ்ஜி வரியைப் பற்றிய சச்சரவு வரும் என்பதை மட்டும் எழுதியிருக்கலாம். அதை எழுதி, அந்த வரியை அப்போதே எடுத்திருந்தால், அந்த எம்எஸ்ஜி வழக்குக்கு இடமே இருந்திருக்காது. மாதிரி கொல்கத்தா வரை போயிருக்குமா என்பது வேறு கேள்வி.

2015 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் அமைச்சகம், நுகர்வோர் சார்பில் ரூ.640 கோடி கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டது. 2024 ஏப்ரலில் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை என்ற வரியை நிறுவனம் அந்த ஜூன் மாதமே பாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்துவிட்டது.